490 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: தாம்பரத்திலிருந்து கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு காரில் போகிறோம். மொத்தம் 490 கி.மீ. வருகிறது. நான் நெடுஞ்சாலையில் 90–100 வேகத்தில் ஓட்டுவேன். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மதியம் 1 மணிக்குள் போய்விட மாட்டோமா?

போக முடியாது. சாயங்காலம் ஐந்தரையை ஒட்டிப் போய்ச் சேர்ந்தால் நல்லது. மொத்தத் தூரத்தை ஒரே வேகத்தால் வகுத்ததில்தான் கணக்கு தவறுகிறது. சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியாகப் போட்டுக் கடைசியில் கூட்ட வேண்டும். வேகங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தாலும் தப்பாகத்தான் வரும். ஏனென்றால் மெதுவான துண்டில் தூரம் குறைவாக இருந்தாலும், நேரத்தை அதுதான் அதிகமாகத் தின்கிறது.

முதலில் நாற்கர சாலை. ஸ்பீடாமீட்டர் முள் 95-இல் நிற்பதை வைத்து மணிக்கு 95 கி.மீ. போகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு 100 கி.மீ.யை எடுத்துப் பாருங்கள். ஊர் வரும் இடங்களில் போலீஸ் வைத்திருக்கும் தடுப்புகள், சுங்கச்சாவடி, வலது தடத்தை விடாமல் ஊரும் லாரிகள் என்று 15 கி.மீ.யாவது 35 வேகத்தில்தான் நகரும். அந்த 15-க்கு 26 நிமிடம், மீதி 85-க்கு 54 நிமிடம், ஆக 80 நிமிடம். சராசரி 75 ஆகிவிட்டது. சரி, 95-ஐ 110 ஆக்கினால்? 100 கி.மீ.க்கு ஏழு நிமிடம்தான் மிச்சம். ஒரு டீக்கடையில் கொஞ்சம் கூட நின்றால் அதுவும் போய்விடும். அதற்காக வேக வரம்பை மீறி அபராதச் சீட்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

இப்போது உங்கள் பாதைக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை 30 கி.மீ. பெயர் நெடுஞ்சாலைதான், ஆனால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஊருக்குள் ஓட்டுகிற மாதிரிதான். சராசரி 30 என்று வையுங்கள், ஒரு மணி நேரம். விடியற்காலையில் 40 நிமிடத்தில் கடக்கலாம். தொடர் விடுமுறைக்கு முந்தைய சாயங்காலம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம், திருச்சி வழியாகத் திண்டுக்கல் வரை சுமார் 370 கி.மீ. மேலே சொன்ன 75 வேகத்தில் 5 மணி நேரம். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு 35 கி.மீ. எதிரே வண்டி வரும் சாலை, நடுவில் கடைத்தெருக்கள். இங்கே 40-க்கு மேல் கணக்குப் போடாதீர்கள், அதுவே 50 நிமிடத்துக்கு மேல்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் 55 கி.மீ. சொச்சம். இதைத்தான் பலரும் ஒரு மணி நேரம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் சமதளம் கொஞ்சம் உண்டு. மலை ஏறத் தொடங்கியதும் வேகத்தை முடிவு செய்வது உங்கள் கார் அல்ல, முன்னால் போகும் பேருந்தும் லாரியும்தான். வளைவுகளில் முந்த இடமில்லை, அடுத்த நேர்த்துண்டு வரும் வரை இரண்டாவது கியரில் பின்தொடர வேண்டியதுதான். சராசரி 25 என்று போடுங்கள், 2 மணி 10 நிமிடம் ஆகும். இறங்கும்போது சீக்கிரம் வந்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். பிரேக் சூடாகாமல் இருக்கத் தாழ்ந்த கியரில்தான் வர வேண்டும், ஏறி வரும் வண்டிக்கு வழியும் விட வேண்டும். மூடுபனி இருந்தால் சராசரி 15-க்கு இறங்கிவிடும்.

எல்லாம் கூட்டினால் ஓட்டுவதற்கு மட்டும் 9 மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம், சாப்பாட்டுக்கு முக்கால் மணி என்று வைத்தால் இன்னொரு ஒன்றரை மணி நேரம் சேரும். குழந்தைகளோ பெரியவர்களோ உடன் இருந்தால் இதைக் குறைக்கவே முடியாது. ஆக பத்தரை மணி நேரம். கைபேசி மேப் காட்டும் நேரத்தில் இந்த நிறுத்தங்கள் சேராது. அப்புறம், நீங்கள் பார்க்கும் நேரத்துப் போக்குவரத்தை வைத்து அது சொல்கிறது. இரவு 11 மணிக்குப் பார்த்துவிட்டுக் காலை 7-க்குக் கிளம்பினால் ஏமாற்றம்தான். புறப்படும் நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

மலையை இருட்டுவதற்குள் ஏறி முடிக்க வேண்டும் என்பதால், கணக்கைப் பின்னாலிருந்து போடுவது என் பழக்கம். கொடைக்கானலில் 4 மணிக்கு இருக்க வேண்டுமானால் வத்தலக்குண்டை 1.45-க்குள் தாண்ட வேண்டும், தாம்பரத்தைக் காலை ஐந்தரைக்கே விட வேண்டும். கொடைக்கானலுக்குள் வண்டி போக வேண்டிய இ-பாஸை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்று கைபேசியில் பதிவு செய்ய ஆரம்பித்தால், சிக்னல் கிடைப்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நேரம்.