தொகையைச் சொன்ன பிறகு ஆறு விநாடி பேசாதே

மூன்று வருடமாக ஒரே கம்பெனியில் இருக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்திருந்தார். சம்பளம் ஏறவில்லை, மாமா எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறார், சித்தப்பா பெரிய கம்பெனிக்கு மாறச் சொல்கிறார், என்ன செய்வது என்று கண் கலங்கினார். நான் பையனிடம் ஒன்றுதான் கேட்டேன்: மேனேஜரிடம் சம்பளத்தை உயர்த்தச் சொல்லி ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா? இல்லையாம்.

அப்படியென்றால் எம்.பி.ஏ. பேச்சே வேண்டாம் அம்மா. இரண்டு வருடச் சம்பளம் போய், கல்விக் கடனும் ஏறும், அதுவும் கோட் எழுதுவதை இவ்வளவு விரும்புகிற பையனுக்கு. முதலில் கேட்கட்டும். அப்ரைசல் கடிதம் கைக்கு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை, அதற்குள் பணத்தைப் பங்கு பிரித்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே அரை மணி நேரம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அன்றே ஒத்திகை பார்த்தோம், மேனேஜராக நான்.

“மேடம், என் சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் நேரம் கேட்டேன்.”

(நிறுத்து. அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கட்டும்.)

“எட்டு மாதமாக பில்லிங் மாட்யூலை முழுசாக நான் பார்க்கிறேன். ராத்திரி அவசர அழைப்பு மாதம் பத்து வந்துகொண்டிருந்தது, இப்போது இரண்டுதான். இது சீனியர் இன்ஜினியர் செய்கிற வேலை. 20 சதவீதம் உயர்த்தித் தரக் கேட்கிறேன்.”

(ஆறு விநாடி. வாயைத் திறக்காதே.)

முதல் தடவை மூன்றாவது விநாடியிலேயே, மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தபடி, “பத்து கிடைத்தாலும் போதும் மேடம்” என்று அவனே பாதியாக்கிவிட்டான். நான் இன்னும் மறுக்கக்கூட இல்லை! அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரை முன்னால் வைத்து, தொகையைச் சொன்னதும் ஒரு வாய் குடி என்றேன். நான்காவது தடவையில் பிடிபட்டது.

“இந்த வருடம் பட்ஜெட் இல்லையே.”

(ஒரு மூச்சு.)

“புரிகிறது மேடம். எந்த மாதத்தில் திரும்பப் பார்க்கலாம்? அதற்குள் நான் எதை முடித்துக் காட்டினால் நீங்கள் மேலே எனக்காகப் பேச முடியும்?”

(மறுபடியும் மௌனம். இந்தப் பதிலை அவர்தான் சொல்ல வேண்டும்.)

வீட்டுக் கடன், பக்கத்து சீட்காரர் சம்பளம் இரண்டையும் எடுக்கவே கூடாது. உங்கள் மேனேஜர் தன் மேலதிகாரியிடம் போய் வாதாட அவை உதவாது, அழைப்பு பத்திலிருந்து இரண்டானது உதவும். கையில் இல்லாத வேறு வேலையைக் காட்டி மிரட்டுவதும் வேண்டாம். “சரி, போய்விடு” என்று சொல்லிவிட்டால் என்ன செய்வான்?

அன்று மாலையே நான்கு வரி மெயில்: பேசியது, கேட்ட சதவீதம், அவர் சொன்ன மாதம், முடிக்க வேண்டிய வேலை. அந்த மாதம் வந்தும் பதில் இல்லையென்றால் சித்தப்பா சொன்னபடி வெளியே தேடலாம், அழைப்பு பத்திலிருந்து இரண்டான அதே கணக்குதான் ரெஸ்யூமேவிலும் முதலில் வரும்.