6 அடித் திறப்புக்கு மேல் ஸ்லாப் இருந்தால் 6 அங்குல லிண்டல் போதுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன் சுவரில் இருக்கும் 3 அடி யன்னலை எடுத்துவிட்டு 6 அடி ஸ்லைடிங் கதவு போடப் போகிறோம். 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே ஸ்லாப். 6 அங்குல லிண்டல், 10 மில்லி கம்பி நாலு, பக்கத்துக்கு 3 அங்குலம் உட்கார்ந்தால் போதும் என்று பாஸ் சொல்கிறார். சரியா?

பதில்:

பாஸ் சொல்வது உங்கள் பழைய யன்னலுக்கு ஏறக்குறையச் சரி. புதுக் கதவுக்குப் போதாது. சுவரை இன்னும் உடைக்கவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள்.

ஒரு திறப்புக்கு மேல் இருக்கும் சுவர் முழுவதும் லிண்டலில் ஏறுவதில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். யாரோ யன்னல் நிலையை மரத்துக்காகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நிலைக்கு மேலே முக்கோணமாக, படிப்படியாகக் கொஞ்சம் கல் மட்டும் விழுந்து கிடந்தது. அதற்கு மேலே இருந்த சுவர் அப்படியே நின்றது. கல்லும் கல்லும் ஒன்றையொன்று நெருக்கி, ஒரு வளைவு போலப் பாரத்தை இரண்டு பக்கமும் இறக்கிவிடுகிறது. அந்த விழுந்த முக்கோணம்தான் லிண்டல் சுமக்க வேண்டிய சுவர். அதன் பக்கங்களை 45 பாகையில் எடுத்துக் கணக்குப் பார்ப்பது வழக்கம். அப்படியென்றால் முக்கோணத்தின் உயரம் திறப்பின் அகலத்தில் பாதி.

இதற்கு இரண்டு நிபந்தனை. முக்கோணத்தின் உச்சிக்கு மேலேயும் சுவர் இருக்க வேண்டும், அதற்குள் ஸ்லாப்போ பீமோ வந்து உட்காரக் கூடாது. அடுத்தது, திறப்பின் இரண்டு பக்கமும் வளைவின் தள்ளலைத் தாங்க 2 அடிக்குக் குறையாத முழுச் சுவர் வேண்டும். மூலையில் ஒரு அடிச் சுவரை மட்டும் விட்டுவிட்டுத் திறப்பைப் பெரிதாக்கினால் வளைவைப் பற்றிப் பேசவே முடியாது. உங்கள் வீட்டில் அந்தப் பக்கச் சுவர் எவ்வளவு என்று எழுதவில்லை, அளந்து பாருங்கள்.

பழைய 3 அடி யன்னலின் முக்கோணம் 2 அடிக்குக் கிட்ட உயரம். வழக்கமான வீட்டில் யன்னல் தலை 7 அடியில், ஸ்லாப்பின் அடி 10 அடியில் இருக்கும். 6 அங்குல லிண்டல் போக இரண்டரை அடிச் சுவர் மிஞ்சுகிறது, முக்கோணம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஸ்லாப்பின் பாரத்தில் பெரும்பகுதி லிண்டலைத் தொடாமல் பக்கத்தால் இறங்கிவிடும். அதனால்தான் அந்தச் சின்ன லிண்டல் இத்தனை காலம் வெடிக்காமல் நின்றது. பாஸும் அதைப் பார்த்துத்தான் அளவு சொல்லியிருப்பார்.

6 அடியாக்கினால், லிண்டல் உட்காரும் பகுதியையும் சேர்த்துக் கணக்கு நீளம் ஏறக்குறைய 2 மீற்றர். முக்கோணத்துக்கு 1 மீற்றர், அதாவது 3 அடி 4 அங்குலம் தேவை. உங்களிடம் இருப்பது இரண்டேகால், இரண்டரை அடி. முக்கோணம் மூடுவதற்குள் ஸ்லாப் வந்துவிடுகிறது. இனி ஸ்லாப்பின் பாரத்தை லிண்டல் சுமந்தே ஆக வேண்டும்.

அது எவ்வளவு என்று ஒரு முறை போட்டுப் பார்ப்போம். அறை 12 அடி, 5 அங்குல ஸ்லாப், அது அந்த முன் சுவரில் உட்காருகிறது, மேலே வேறு சுவர் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்லாப்பின் சொந்தப் பாரம், தரைப் பூச்சு, ஆள், தளபாடம் எல்லாம் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 550 கிலோ அளவில் வரும். அறையின் பாதி, அதாவது 6 அடி, இந்தச் சுவருக்கு வரும். மீற்றருக்கு 1000 கிலோ. இடையில் இருக்கும் சுவருக்கு 340, லிண்டலுக்கே 120. மொத்தம் மீற்றருக்கு ஒன்றரைத் தொன் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பாரம் லிண்டலை நடுவில் வளைக்கும் வலு 730 கிலோகிராம்-மீற்றர் அளவில் வருகிறது. இதே 6 அடித் திறப்பு, ஆனால் மேலே ஓட்டுக்கூரை, நல்ல உயரமான சுவர் என்றால் முக்கோணம் மட்டும்தான் பாரம். அப்போது வருவது 210 மட்டும். அகலம் மாறவில்லை, வேலை மூன்றரை மடங்காகிவிட்டது. அதனால்தான் "6 அடிக்கு எத்தனை கம்பி?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பாஸ் சொன்ன நாலு கம்பியில் இரண்டு மேலே போகும். அவை ரிங்கைப் பிடித்துக்கொள்ள. லிண்டல் வளைவதைத் தாங்குவது கீழே இருக்கும் இரண்டு 10 மில்லி கம்பிதான். 6 அங்குல லிண்டலில் கம்பிக்கும் மேல்முகத்துக்கும் இடையே கிடைக்கும் உயரம் நாலரை அங்குலம். அந்த உயரத்தில் அந்த இரண்டு கம்பியையும் நம்பி ஏற்றக்கூடிய அளவு 600 சொச்சம். 730க்கே எட்டவில்லை, அதற்கு மேல் பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு வைக்க வேண்டும். "அப்போ கம்பியைக் கூட்டிவிடுவோம்" என்றும் சொல்வார்கள். 6 அங்குல உயரத்தில் மேல்பக்கக் கொங்கிரீட்டே அந்த அழுத்தத்துக்குப் போதாது, கம்பி கூட்டிப் பயனில்லை. உயரத்தைக் கூட்டுவதுதான் வழி.

நான் போடுவது இப்படி: 9 அங்குல அகலம், 9 அங்குல உயரம். கீழே 12 மில்லி இரண்டு, மேலே 10 மில்லி இரண்டு. 6 மில்லி ரிங், 5 அங்குலத்துக்கு ஒன்று, முனை வரை. கம்பி நுனிகளை மேல்நோக்கி மடக்கி உட்காரும் பகுதியின் கடைசி வரை கொண்டுபோக வேண்டும்.

இனி லிண்டல் சுவரில் உட்காரும் நீளம். எனக்கு இதில்தான் அதிகக் கவலை, ஏனென்றால் பூச்சு பூசியதும் இது யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு முனையிலும் ஒன்றரைத் தொன் இறங்குகிறது. 9 அங்குல அகலத்தில் 3 அங்குலம் மட்டும் உட்கார்ந்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 9 கிலோ. கையால் அறுத்த சாதாரணச் செங்கல் சுவரை நான் 5, 6 கிலோவுக்கு மேல் நம்ப மாட்டேன். அதுவும் சமமாக இறங்காது. லிண்டல் நடுவில் சற்றே தாழும்போது முனை திரும்பி, திறப்பின் விளிம்பில் இருக்கும் கல்லைத்தான் நசுக்கும். 9 அங்குலம் உட்கார வைத்தால் அதே பாரம் 3 கிலோவாகிவிடுகிறது. 4 அடி வரைக்கும் 6 அங்குலம் போதும், அதற்கு மேல் ஒரு முழுக் கல் நீளம் என்று பாஸிடம் சொல்லுங்கள். அளவுகோல் இல்லாமலே அவருக்கு விளங்கும். அடியில் இருக்கும் கல் வெட்டுத்துண்டாக இருக்கக் கூடாது. முழுக் கல், நல்ல சாந்து, மட்டம்.

தெகிவளையில் எங்கள் பெரியம்மா வீட்டில் ஏறக்குறைய இதே வேலையை நான் ஊரில் இல்லாத நேரம் செய்துவிட்டார்கள். 6 அங்குல லிண்டல், 3 அங்குலம் உட்கார வைத்தது. மூன்று மாதத்தில் அலுமினியக் கதவு நடுவில் இறுகத் தொடங்கியது. கதவு போட்டவரைக் கூப்பிட்டு இரண்டு முறை சில்லை மாற்றினார்கள். நான் போய் லிண்டலின் அடியில் நூல் பிடித்துப் பார்த்தேன், நடுவில் 8 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. இடது முனையில் பூச்சைத் தட்டி எடுத்தபோது லிண்டலுக்கு அடியில் இருந்த கல்லின் முன்விளிம்பு மாவாகி விரலில் ஒட்டியது. அங்கிருந்து ஒரு வெடிப்பு சரிவாகக் கீழே போனது. பெரியம்மா அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் கதிரை போட்டு உட்காருவார். அன்று இரவே ஸ்லாப்புக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் நான் வீட்டுக்குப் போனேன்.

வெடிப்பு எங்கே என்பதே கோளாறைச் சொல்லிவிடும். லிண்டலின் நடுவில், அடியிலிருந்து நேராக மேலே ஏறினால் உயரமோ கம்பியோ குறைவு. முனைக்குக் கீழே சரிவாக இறங்கினால் உட்கார்ந்தது போதவில்லை. அடிப்பக்கத்தில் கம்பியின் நீளத்துக்கே ஓடி, பழுப்புக் கறையும் தெரிந்தால் கம்பி துருப்பிடித்து வீங்குகிறது.

வெள்ளவத்தை என்பதால் அந்த மூன்றாவதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடற்காற்று உப்பு கொங்கிரீட்டுக்குள் இறங்கும். பலகையில் கம்பியைப் படுக்கவைத்துக் கொங்கிரீட் போட்டுவிட்டு, கரண்டியால் கொஞ்சம் தூக்கிவிடுவது எங்கும் நடக்கிறது. தூக்கிய கம்பி மறுபடி இறங்கிவிடும். 40 மில்லிமீற்றர் கவர் புளொக் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன 9 அங்குல உயரத்தில் அந்தக் கவருக்கும் இடம் இருக்கிறது. கலவை 1:1½:3, முக்கால் அங்குல மெட்டல், தண்ணீர் குறைவாக.

இருக்கும் சுவர் என்பதால் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் ஸ்லாப்புக்கு அடியில், சுவரின் இரண்டு பக்கமும் ஜக் முட்டு. அதன் அடியில் அகலமான பலகை வைத்து, பாரத்தை நல்ல தரைக்கு இறக்க வேண்டும். பிறகுதான் உடைப்பு. லிண்டல் போட்டதும் அதற்கும் பழைய சுவருக்கும் இடையே ஒரு இடைவெளி நிற்கும். அதை இறுகிய, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் சாந்தால் குத்தி அடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் லிண்டல் எவ்வளவு பலமாக இருந்தாலும் முட்டு எடுத்ததும் சுவர் அந்த இடைவெளிக்கு இறங்கும், மேலே வெடிக்கும். முட்டுகளை 14 நாளைக்கு முன் எடுக்க வேண்டாம். அதுவரை ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள்.

மேல்மாடிச் சுவரோ தண்ணீர்த் தாங்கியோ அந்தத் திறப்புக்கு நேர்மேலே வந்தால் என் அளவுகளை எடுக்க வேண்டாம், பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், முட்டு எடுக்கும் முன் லிண்டலின் அடியில் ஒரு நூல் கட்டி நடுவில் அளவு குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த அன்றும் ஒரு வாரம் கழித்தும் திரும்பப் பாருங்கள். 2 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால் கதவைப் பொருத்த விடாமல் இங்கேயே ஒரு படத்தோடு எழுதுங்கள், பார்க்கிறேன்.