நீங்கள் அளந்தது எந்த ஆண்டுச் சுவர்?

கேள்வி: கள ஆய்வுக்குப் போய் நேரில் பார்த்த பழங்கோயிலை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது? சுற்றுலாக் கையேடும் அகழாய்வு அறிக்கையும் துணைநூல் பட்டியலில் இருக்கின்றன. கோயிலையும் அங்கேயே போடலாமா?

பதில்: போடாமல் இருப்பது நல்லது. சில மேற்கோள் முறைகள் கட்டடத்தையே ஒரு படைப்பாகப் பட்டியலில் சேர்க்க இடம் தருகின்றன, உங்கள் துறை அதைக் கேட்டால் சரி. கேட்காதவரை கோயிலுக்கு இடம் அடிக்குறிப்பில்தான். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஊர் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங். தோட்டத்து ஊர்தான், அப்பா பால்மரம் வெட்டியவர். பக்கத்தில் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது, மோட்டாரில் போய்விட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். ஆகவே ஆய்வேட்டுக்கு அங்கே இருக்கும் சண்டி புக்கிட் பத்து பஹாட் என்ற பழங்கோயிலை எடுத்துக்கொண்டேன். அளவு நாடாவோடு போய் கருவறைச் சுவரை அளந்தேன். 'இக்கோயிலைக் கட்டியவர்கள் சுவரை இத்தனை உயரத்துக்கு எழுப்பினர்' என்று எழுதி, ஆதாரமாகக் கோயில் பெயரையே போட்டேன்.

தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "நீங்கள் அளந்தது எந்த ஆண்டுச் சுவர்?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த இடத்தை 1936-37இல் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டினார். அவர் அறிக்கை 1940இல் ராயல் ஆசியக் கழக மலாயாக் கிளையின் ஆய்விதழில் வந்தது, அவர் தோண்டிய இடங்களின் பட்டியலில் இதற்கு 'தளம் 8' என்று எண். பிறகு 1959-60இல் அலஸ்டேர் லாம்ப் மறுபடி ஆராய்ந்து, சிதறிக் கிடந்த கற்களை அடுக்கிக் கோயிலை மீட்டெடுத்தார். நான் நாடா வைத்தது அந்த மீட்டெடுத்த சுவரில். கல் பழசு என்றாலும், அது இன்று இருக்கும் உயரம் 1960இல் மீட்டெடுத்தவர்கள் தீர்மானித்தது. கட்டியவர்கள் எவ்வளவு உயர்த்தினார்கள் என்பதற்கு என் அளவு சாட்சி ஆகாது. அதற்கு அறிக்கையில் இருக்கும் வரைபடங்களைத்தான் பார்க்க வேண்டும், மேற்கோளும் அங்கேதான் போக வேண்டும்.

திருத்திய பிறகு என் அடிக்குறிப்பு இப்படி ஆனது: 'சண்டி புக்கிட் பத்து பஹாட் (வேல்ஸ் பட்டியலில் தளம் 8), மெர்போக், கோல மூடா மாவட்டம், கெடா. 1960இல் மீட்டெடுத்த நிலையில், 14 மார்ச் 2015 அன்று ஆசிரியர் நேரில் பார்த்து அளந்தது.' தேதி எதற்கு என்றால், மழைக்காலத்தில் பாசி படர்ந்திருக்கும், பழுது பார்ப்பார்கள், கல்லை மாற்றுவார்கள். தளத்தின் எண் எதற்கு என்றால், பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள், எண் மாறுவதில்லை.

இந்தக் கோயில் இருக்கும் அருங்காட்சியக வளாகத்திலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் கோயில்களை வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து அங்கே அமைத்திருக்கிறார்கள். 'மலையடிவாரத்தில் மூன்று கோயில்களை ஒன்றாகக் கட்டினர்' என்று ஒரு நண்பன் எழுதியே விட்டான்! 'இப்போது இருக்கும் இடம்', 'கண்டெடுத்த இடம்' என்று இரண்டையும் எழுதுங்கள். முதலாவது உங்கள் பார்வை, இரண்டாவது அறிக்கையின் கூற்று.

கையேட்டைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் அறிக்கையிலிருந்து சுருக்கியது. அறிக்கை, கையேடு, தகவல் பலகை மூன்றும் ஒரே ஆண்டைச் சொன்னால் மூன்று சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், ஒரே வரியை மூன்று முறை படித்திருப்பீர்கள். ஒரு எழுத்துப்பிழை மூன்றிலும் இருந்தால் அதுவே அடையாளம். கையேடு பயன்படுவது, பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது என்று காட்டத்தான். பலகையைப் படம் எடுத்து, 'தளத்திலுள்ள தகவல் பலகை, பார்த்த தேதி' என்று தனியாகக் குறியுங்கள்.

'ராஜேந்திர சோழன் கட்டினான் என்று ஏன் எழுதவில்லை' என்று இங்கே யாராவது கேட்பார்கள் என்று தெரியும். சோழர் கல்வெட்டு கடாரத்தின், அதாவது இந்தக் கெடாவின், மேல் அவன் படையெடுத்ததைச் சொல்கிறது. இந்தச் சுவரை அவன் கட்டினான் என்று சொல்லவில்லை.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அறிக்கையும் கிடையாது, தள எண்ணும் கிடையாது. தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது கோயிலை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புதுக் கோயில் முகப்பில் கும்பாபிஷேக ஆண்டு மட்டும் பெரிதாக இருக்கிறது, அதைப் பார்த்து ஒரு மாணவி 'கோயில் தோன்றிய ஆண்டு' என்று எழுதியிருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அங்கே கோயில் இருந்ததற்கு என்னிடம் அம்மா எடுத்து வைத்த ஒரு திருவிழாப் படம் இருக்கிறது, பின்பக்கம் தேதி இல்லை.