அம்மாவை அடித்த கனவு

அண்ணனுக்கு,

தேவகோட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கை. பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். ராத்திரியில் மூன்று முறையாவது கூப்பிடுவார்கள். போன வாரம் விடிகாலையில் அவர்களை ஓங்கி அறைந்து, 'செத்துத் தொலை' என்று கத்துவதாகக் கனவு. அவர்கள் கூப்பிட்ட சத்தத்தில்தான் விழித்தேன். அதிலிருந்து முகத்தைப் பார்க்க முடியவில்லை. விடிகாலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே. உள்ளுக்குள் நான் அப்படித்தான் நினைக்கிறேனா?

அன்புள்ள தங்கைக்கு,

விடிகாலையில் கனவு வருவதற்குக் காரணம் உண்டு. கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் தூக்கத்தில்தான் கனவு அடர்த்தியாக வரும். ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை அது வந்து போகிறது. முன்னிரவில் சில நிமிடங்கள்தான். விடியும் நேரத்தில் அரைமணி நேரம்கூட நீளும். அப்போது மூளையில் பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் பகுதி சுறுசுறுப்பாக இருக்கும், 'சீ, இது தப்பு' என்று தடுக்கும் முன்பகுதி மந்தமாக இருக்கும். நடுவில் விழிக்காமல் தூங்கியிருந்தால் காலையில் அந்தக் கனவு உங்களுக்கு ஞாபகமே இருந்திருக்காது. அம்மா கூப்பிட்டதால் நடுவில் அறுந்தது, அப்படியே கையில் நின்றுவிட்டது. தூக்கம் கெட்டவர்களுக்குக் கெட்ட கனவு நிறைய நினைவிருப்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, கோபமே இல்லையா என்றால், இருக்கும். மூன்றாவது முறை எழும்போது எரிச்சல் வராதவர் யார்? நீங்கள் அதைப் பகலில் மூச்சுவிடாமல் அமுக்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2004-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். படுக்கப் போகும் முன் ஒருவரை நினைக்கவே கூடாது என்று தடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆளே கனவில் கூடுதலாக வந்தார். உங்கள் கனவில் வந்தது அந்த எரிச்சல்தான். அம்மா சாக வேண்டும் என்ற ஆசையாக நான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் அப்பத்தா, கெட்ட கனவை ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிடு என்பார்கள். நம்பிக்கையை விடுங்கள், வாய்விட்டுச் சொல்வது நல்ல யோசனை. நீங்கள் எனக்கு எழுதியதே பாதி அதுதான். அம்மாவிடம் மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டாம். பாரம் அவர்கள் தலைக்கு மாறும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனவுத் தூக்கத்தில் கைகால் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்கும், அதனால்தான் அடிப்பது கனவோடு நிற்கிறது. நிஜமாகவே கை வீசி, கத்தி, கட்டிலில் இடித்துக்கொண்டு விழித்தால் அது வேறு. நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டியது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அது அதிகம் என்றாலும் யாருக்கும் வரலாம். இன்னொன்று பகலில் நடப்பது. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது கை முரட்டுத்தனமாகிறதா, குரல் உயர்கிறதா? அப்படியென்றால் கனவைவிட அதைத்தான் கவனிக்க வேண்டும், அன்றே யாரையாவது கூப்பிட வேண்டும்.

கூடப் பிறந்தவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு வருவார்கள் இல்லையா? வந்தால் விருந்தாளி மாதிரி உட்கார வைக்காதீர்கள். நாலு ராத்திரி அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் அவர்கள் படுக்கட்டும். நீங்கள் அம்மா குரல் கேட்காத அறையில் பாயை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்குங்கள்.