வள்ளி கும்மி வீடியோ ஏன் கலங்குகிறது? எக்ஸ்போர்ட் கேள்வி பதில்

“அண்ணா, எங்க ஊர் கோயில் வள்ளி கும்மி, பத்து நிமிச வீடியோ. போன்ல 4கே, 30 ஃபிரேம்ல எடுத்தேன். 1080ல 50 எம்பிபிஎஸ் வெச்சு எக்ஸ்போர்ட் பண்ணுனா மூணே முக்கால் ஜிபிங்க. யூடியூப்ல ஏத்த ஒன்னே முக்கால் மணி நேரம். அப்படியும் ஆடுறவங்க முகமெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுதுங்ணா.” – காங்கேயம்

நீங்கள் ஏற்றிய ஃபைலை யூடியூப் அப்படியே காட்டுவதில்லை தம்பி. தன் கணக்குக்கு மறுபடி சுருக்கித்தான் காட்டும். 50 எம்பிபிஎஸ் போட்டது அந்த வாசலோடு சரி.

அடுத்தது, கும்மியே இதற்குக் கஷ்டமான சரக்கு. முந்தைய ஃபிரேமில் இருந்தது அசையாமல் இருந்தால் அதையே திரும்பப் பயன்படுத்தித்தான் வீடியோ சுருங்குகிறது. ஒருவர் உட்கார்ந்து பேசினால் பின்சுவர் மாறாது, கொஞ்சம் பிட்ரேட்டே, அதாவது நொடிக்குக் கொஞ்சம் டேட்டாவே போதும். இங்கே நூறு பேர் ஒரே நிறச் சேலையில் சுற்றுகிறார்கள், கை தட்டுகிறார்கள், காலடியில் புழுதி பறக்கிறது, மேலே சீரியல் செட் மின்னுகிறது. எதுவுமே நிற்கவில்லை. 1080க்கு யூடியூப் ஒதுக்கும் பிட்ரேட் இத்தனை அசைவுக்கும் பற்றாது, அதுதான் கட்டம்.

உங்கள் மூலம் 4கே என்பதால் 1440பி, 20 எம்பிபிஎஸ் வைத்து எடுங்கள். 1440பி, 30 ஃபிரேமுக்கு யூடியூப் சொல்லும் அளவு 16தான். கும்மி என்பதால் நாலு கூட்டினேன். பிட்ரேட்டை நொடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் எம்பி வரும். 20 × 600 ÷ 8 = 1500, ஒன்றரை ஜிபி. உங்கள் நேரக் கணக்கைப் பார்த்தால் அப்லோடு வேகம் சுமார் 5 எம்பிபிஎஸ். நாற்பது நிமிடத்தில் ஏறிவிடும்.

முழுசாக ஏற்றும் முன் ஆட்டம் வேகம் பிடிக்கிற இருபது நொடியை மட்டும் வெட்டி ஏற்றிப் பாருங்கள், அன்லிஸ்டடாக. ஃபிரேம் ரேட்டைத் தொடாதீர்கள். 30ல் எடுத்ததை ‘சினிமா மாதிரி’ 24க்கு மாற்றினால் சுற்றி வருகிறவர்கள் தத்தித் தத்தி நகர்வார்கள்.

“ஏத்துன உடனே பார்த்தா மங்கலா இருக்கு. என்னோடது 1080 தானே?” – பல்லடம்

முதலில் சின்ன அளவுதான் தயாராகும், பெரியது பின்னால் வரும். காத்திருங்கள்.

“நீங்க சொல்றது தப்புங்க. 1080ல எடுத்ததையும் 4கேவா மாத்தி ஏத்துனாத்தான் தெளிவு. நான் எல்லாத்தையும் அப்படித்தான் ஏத்துறேன்.” – கோபி

பாதி சரி. பெரிதாக்கினால் எடுக்காத விவரம் எங்கிருந்தும் வராது. ஆனால் பெரிய அளவுக்கு யூடியூப் கூடுதல் பிட்ரேட்டும், பெரும்பாலும் நல்ல கோடெக்கும் கொடுக்கும். வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து Stats for nerds பாருங்கள். 1080ல் avc1 என்ற பழைய கோடெக்காக இருப்பது 1440ல் பெரும்பாலும் அதைவிட நன்றாகச் சுருக்கும் vp09 ஆக மாறியிருக்கும். அதற்கு 1440 போதும். 4கே, 30 ஃபிரேமுக்கு 35க்கு மேல் கேட்பார்கள், அதே பத்து நிமிடம் இரண்டரை ஜிபி தாண்டும்.

“4கேவே பண்றேன், நெட் எனக்கு ஃபைபர். உங்களுக்கென்ன?” – மறுபடி கோபி

உங்களுக்குச் சரிதான். காங்கேயத்துக்காரருக்கு அந்த நெட் இல்லையே.

“யாரும் டிவில பார்க்கறதில்லை. போனுக்கு 720 போதுமுங்க. எதுக்கு இந்தச் சண்டை?” – தாராபுரம்

பேசுகிற வீடியோவுக்குப் போதும். கும்மியில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் பிள்ளையைத் தேடி ஜூம் செய்வார்களே, அப்போது?

“அப்ப போட்டோ எடுத்துக் கொடுங்க, வீடியோ எதுக்கு?” – தாராபுரம்

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

“தறி ஓடற வீடியோ, டியூப்லைட் வெளிச்சம். அலை அலையா மினுக்குது. பிட்ரேட் கூட்டட்டுங்களா?” – சோமனூர்

கூட்டாதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். போனில் புரோ மோடு போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்து மறுபடி எடுங்கள். ஏற்கெனவே பதிவான மினுக்கத்தை எக்ஸ்போர்ட்டில் எடுக்க முடியாது.

“வாட்ஸ்அப்ல வந்த கல்யாண கிளிப்பை 1080 ஆக்கி, 40 எம்பிபிஎஸ்ல எக்ஸ்போர்ட் பண்ணுனா?” – பெருந்துறை

இன்று இது மூன்றாவது தடவை. போனது போனதுதான், ஃபைல்தான் பெருக்கும். எடுத்தவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

“என்னோடதும் ஏத்துன உடனே மங்கலா...” – அவிநாசி

பல்லடத்துக்குச் சொன்னதைப் பாருங்கள். மறுநாள் காலையிலும் மங்கலாகவே இருந்தால், எத்தனை எம்பிபிஎஸ்ஸில் எடுத்தீர்கள் என்பதோடு வாருங்கள்.