ஒரே காற்றுக்கு 83-உம் 137-உம்: பலகையில் எதை எழுதுவது?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் தினமும் காற்றுத் தரக் குறியீட்டை எழுதுகிறேன். நேற்று ஒரு செயலி 83 என்றது, இன்னொன்று 137 என்றது. எதை எழுதுவது? இங்கே சிறு குழந்தைகளும் எழுபது வயதைக் கடந்தவர்களும் நிறையப் பேர். அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும்?

பதில்: இரண்டு செயலிகளும் ஒரே காற்றைத்தான் அளந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அளவு ஒன்று, அளவுகோல்தான் இரண்டு. முதல் செயலி இந்தியாவின் குறியீட்டையும், மற்றது அமெரிக்கக் குறியீட்டையும் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில் மிதக்கும் துகள்களில் 2.5 மைக்ரானுக்கும் சிறியவற்றை பிஎம் 2.5 என்கிறோம். ஒரு கன மீட்டர் காற்றில் அது எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்பதே உண்மையான அளவீடு. குறியீடு அதிலிருந்து பெறப்படும் எண் மட்டுமே. 24 மணி நேரச் சராசரி 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் குறியீட்டில் 30 முதல் 60 மைக்ரோகிராம் வரையிலான காற்றுக்கு 50 முதல் 100 வரை எண் தருகிறார்கள். 30-க்கு மேல் இருக்கும் 20 மைக்ரோகிராம், அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 50-உடன் 33 சேர்ந்து 83 வருகிறது. பெயர் ‘திருப்திகரம்’, நிறம் வெளிர்பச்சை. அமெரிக்கக் குறியீட்டில் 35.5 முதல் 55.4 வரை உள்ள காற்றுக்கு 101 முதல் 150 வரை எண். அதே 50 மைக்ரோகிராம் அங்கே 137 ஆகிறது. நிறம் ஆரஞ்சு, பெயர் ‘எளிதில் பாதிக்கப்படுவோருக்கு ஆரோக்கியமற்றது’. அந்தப் பட்டியலில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்த நாட்டுக் குறியீடு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று மாற்றவும் வேண்டாம். இந்தியக் குறியீட்டையே தொடர்ந்து எழுதலாம், அதில் தவறில்லை. ஆனால் ‘திருப்திகரம்’ என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 24 மணி நேரத்துக்கான பிஎம் 2.5 வரம்பு 15 மைக்ரோகிராம். நம் 50 அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

இந்தியக் குறியீட்டின் படிகள் ஆறு: 50 வரை நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமான மாசு, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. இதன் அதிகாரபூர்வ விளக்கத்தில் குழந்தைகளும் முதியவர்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது ‘மிதமான மாசு’ படியில். உங்கள் பலகைக்கு நான் சொல்வது, அதற்கு ஒரு படி முன்பே எச்சரியுங்கள். 50-ஐத் தாண்டினாலே ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் இதய நோய் உள்ள முதியவருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அந்த ஒரு வரியில் என்ன எழுதுவது என்பது நேரத்தைப் பொறுத்தது. 24 மணி நேரச் சராசரி மிக மோசமான மணி நேரங்களை மறைத்துவிடும். 18 மணி நேரம் 40 மைக்ரோகிராமும், அதிகாலையில் தொடங்கி 6 மணி நேரம் 80 மைக்ரோகிராமும் இருந்தால், சராசரி அதே 50 தான். ஆனால் காலை ஆறரை மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போன தாத்தா சுவாசித்தது 80. குளிர்மாதங்களின் அதிகாலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் படிந்துவிடுவதால் புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தங்கிவிடுகிறது. வெயில் ஏறிய பிறகே கலைகிறது. ‘காலைக் காற்று சுத்தமானது’ என்ற நம்பிக்கை இத்தகைய நாட்களில் பொய்த்துப்போகிறது. எனவே செயலியில் கடைசி ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவு கிடைத்தால் அதையும் எழுதுங்கள்.

முதன்மை மாசு எது என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றில் மிக உயர்ந்ததைத்தான் குறியீடாக அறிவிக்கிறார்கள். அது ஓசோனாக இருந்தால் நிலைமை தலைகீழ்: ஓசோன் வெயிலில் உருவாவது, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். அன்று காலை விளையாட்டுக்குத் தடையில்லை, மாலை நான்கு மணி விளையாட்டைத்தான் தள்ளிப்போட வேண்டும். துகள் தடுக்கும் முகக்கவசம் ஓசோனைத் தடுக்காது.

குழந்தைகளை ஏன் தனியாகச் சொல்கிறோம்? உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். ஓடியாடும்போது வாயால் மூச்சு விடுவதால் மூக்கின் வடிகட்டலும் கிடைப்பதில்லை. மூச்சுக்குழாய் குறுகலாக இருப்பதால் சிறிதளவு வீங்கினாலே இளைப்பு வந்துவிடும். மேலும் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் 1990-களில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, மாசு மிகுந்த ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் 10 முதல் 18 வயதுக்குள் குறைவாகவே வளர்ந்ததைக் காட்டியது. பின்னர் அங்கே காற்று தூய்மையானபோது அடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியும் மேம்பட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் நம்பிக்கை தந்த முடிவு அது.

முதியவர்களின் கதை வேறு. அவர்களுக்குப் பெரிய ஆபத்து இருமலில் இல்லை, இதயத்தில் இருக்கிறது. நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று உடலில் அழற்சியைத் தூண்டுகின்றன. இரத்தம் எளிதில் உறைகிறது, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. மாசு ஏறிய சில மணி நேரங்களிலிருந்து சில நாட்களுக்குள் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது இதனால்தான். இருமல் இல்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று அவர்கள் நினைத்துவிடக்கூடாது. வழக்கமாக ஏறும் மாடியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினால் அதுதான் அறிகுறி.

நேற்றைய நாளுக்குப் பலகை இப்படி இருந்திருக்கலாம்:

“காலை 7 மணி. இந்தியக் குறியீடு 83, திருப்திகரம் (24 மணி நேரச் சராசரி). முதன்மை மாசு பிஎம் 2.5. கடைசி ஒரு மணி நேர அளவு 80 மைக்ரோகிராம். ஆஸ்துமா உள்ள குழந்தைகளும் இதய, நுரையீரல் நோய் உள்ள பெரியவர்களும் நடையையும் விளையாட்டையும் பத்து மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளவும். இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் செல்லவும்.”

பத்து மணிக்கு ஒருமுறை அளவைப் பார்த்து, குறையவில்லை என்றால் அந்த வரியைத் திருத்துங்கள். உங்கள் செயலி யாரோ ஒருவர் வீட்டு மாடியில் வைத்த சிறிய உணர்கருவியிலிருந்து அளவை எடுக்கிறதா என்றும் பாருங்கள். ஒளியைக் கொண்டு துகளை எண்ணும் அக்கருவிகள் பனிமூட்டத்தில் நீர்த்துளிகளையும் துகளாக எண்ணிவிடும். பனி கலைந்த உடனே எண் சட்டென்று பாதியாகக் குறைந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

பலகையின் அடியில் நிரந்தரமாக ஒரு வரி இருக்கட்டும்: குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தாலோ, பெரியவருக்கு நெஞ்சுவலி, திடீர்த் தடுமாற்றம், உதடு நீலமாதல் தெரிந்தாலோ, அன்றைய எண் எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.