குரோம் திறந்ததும் தானாக வரும் டேப்கள்: எங்கிருந்து வருகின்றன, எப்படி நிறுத்துவது

கேள்வி: சேலம் ஐந்து ரோடு பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். காலையில் குரோமைத் திறந்தால் ஒரு கூட்டம் டேப் தானாக வந்து சிஸ்டமே நின்றுவிடுகிறது. ஒவ்வொன்றாக மூடினாலும் மறுநாள் திரும்ப வருகிறது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். என்ன செய்யலாம்?

பதில்:

"ஒவ்வொன்றாக மூடினாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. குரோமில் டேப்கள் தானாக வர முக்கியமாக மூன்று வழிகள். ஒன்று, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வது. இரண்டாவது, தொடக்கப் பக்கங்கள் என்று நாமே கொடுத்து வைத்த பட்டியல். மூன்றாவது, டேபை வலது கிளிக் செய்து Pin கொடுத்து நிலையாக நிறுத்தி வைத்த, அதாவது பின் செய்த டேப்கள். முதல் வகையிலும் மூன்றாவது வகையிலும் டேபைத் தனியாக மூடிவிட்டால் அது மறுநாள் வராது. மூடியும் வருகிறது என்றால் அது பட்டியலிலிருந்து வருகிறது. டேபை மூடுவதால் பட்டியலில் ஒன்றும் குறையாது.

முகவரிப் பட்டையில் இதைத் தட்டுங்கள்:

```
chrome://settings/onStartup
```

அங்கே "Open a specific page or set of pages" தேர்வாகியிருக்கும், கீழே தளங்களின் வரிசை இருக்கும். அதே இடத்தில் "Use current pages" என்று ஒரு பொத்தான் உண்டு. அப்போது திறந்திருக்கும் டேப்கள் மொத்தத்தையும் பட்டியலில் போட்டுவிடும். கடையில் பலர் கைபடும் சிஸ்டத்தில் யாராவது இதை ஒரு தடவை அழுத்தியிருந்தால் போதும், தினமும் காலையில் அத்தனை பக்கமும் ஒன்றாக ஏறும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி Remove கொடுங்கள். ஏதாவது எக்ஸ்டென்ஷன் இந்த அமைப்பைக் கட்டுப்படுத்துவதாக அங்கே எழுதியிருந்தால், முதலில் அதை நீக்க வேண்டும்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ் சிஸ்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே "Open the New Tab page" என்றுதான் இருந்தது, பட்டியல் காலி. ஆனாலும் மெயில், வாட்ஸ்அப் வெப், வங்கி, வானிலை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே பின் செய்தவை. பின் செய்த டேப் எந்த அமைப்பு இருந்தாலும் வரும். இடப்பக்க ஓரத்தில் வெறும் சின்னமாக ஒடுங்கி இருப்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸிலும் இதே கதைதான். அது பழைய டேப்களைக் கிளிக் செய்யும்வரை ஏற்றாமல் வைத்திருக்கும், ஆனால் பின் செய்ததைத் தொடக்கத்திலேயே ஏற்றிவிடும். அந்த ஆபீஸில் மெயிலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வலது கிளிக் செய்து Unpin கொடுத்து மூடினோம். மலையில் நெட் மந்தமாக இருக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

சரி, அந்தத் தளங்கள் கடைக்கு வேண்டுமே? தேவையானதையெல்லாம் திறந்து Ctrl+Shift+D அழுத்துங்கள். அத்தனையும் ஒரே புக்மார்க் ஃபோல்டராகச் சேரும். மின்கட்டணத்துக்கு ஒன்று, பட்டாவுக்கு ஒன்று என்று பிரித்துக் கொண்டால், ஆள் வந்து கேட்கும்போது அந்த ஒன்றை மட்டும் திறக்கலாம். லாகின் செய்த பிறகு வரும் உள் பக்கத்தைச் சேமிக்காதீர்கள். மறுநாள் அது காலாவதியான பக்கமாகத்தான் திறக்கும். முகப்புப் பக்கமே போதும்.

பட்டியலை அழித்த கையோடு "Continue where you left off" பக்கம் போய்விடாதீர்கள். உங்கள் கடைக்கு அது ஆகாது. அந்த அமைப்பில், பிரவுசரை மூடினால் அழிந்துபோக வேண்டிய தற்காலிகக் குக்கீகளும் பிழைத்துக் கொள்கின்றன. நேற்று மாலை ஒருவர் தன் கணக்கில் நுழைந்து, வெளியேறாமல் போயிருந்தால், இன்று காலை அவர் கணக்கு திறந்தபடியே வரலாம். "Open the New Tab page" தான் உங்களுக்குச் சரி. வாடிக்கையாளர் லாகின் வேலைக்கு, உங்கள் புரொஃபைலைத் தொடாமல் தனியாகத் திறக்கும் கெஸ்ட் விண்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மெதுவாக இருந்தால் குற்றம் டேப்பிலா சிஸ்டத்திலா என்று பார்த்துவிடலாம். சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்து, குரோமைத் தொடாமல், Windows+R அழுத்தி இதைக் கொடுங்கள்:

```
chrome --guest
```

கெஸ்ட் விண்டோவில் உங்கள் தொடக்கப் பக்கமோ எக்ஸ்டென்ஷனோ எதுவும் வராது. அது சட்டென்று திறந்தால் கோளாறு உங்கள் புரொஃபைலில்; எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அதுவும் இழுத்தால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும். ரீஸ்டார்ட் செய்யாமல் சோதித்தால் பயனில்லை, ஏனென்றால் ஒருமுறை திறந்த புரோகிராம் ராமில் மிச்சம் இருப்பதால் இரண்டாம் தடவை எப்படியும் வேகமாகத்தான் திறக்கும். டிஸ்க்தான் என்று தெரிந்தால் அமைப்புகளோடு மல்லுக்கட்டாமல் ஒரு எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள். ராமை ஏற்றுவது அதற்கு அடுத்த செலவு.